"எப்பவுமே லேட்"னு எழுதி அழிச்ச ஒரு மெயில்

2024 ஜூலை கடைசி சனிக்கிழமை, மதியம் ஸ்டாஃப் ரூம்ல யாரும் இல்ல, ஃபேன் மட்டும் கிறீச் கிறீச்னு சுத்திட்டு இருந்துச்சு, நான் ஒன்பதாம் வகுப்பு பையன் ஒருத்தனோட அப்பாவுக்கு மெயில் அடிச்சிட்டு இருந்தேன். பையன் பேரு இங்க கவின்னு வச்சுக்கலாம், நிஜப் பேரு வேற. நான் கோயமுத்தூர்ல ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல மேக்ஸ் எடுக்கறேன். முதல்ல அடிச்சது இது:

"கவின் நல்ல பையன்தான், ஆனால் வீட்டுப்பாடம் எப்பவுமே லேட்டாகத்தான் கொடுக்கிறான். எத்தனை முறை சொன்னாலும் முடிக்க மாட்டேன் என்கிறான். வீட்டில் ஃபோனில் அதிக நேரம் செலவிடுகிறானா என்று பார்க்கவும். தயவுசெய்து வீட்டில் கவனித்துக்கொள்ளவும். இல்லையென்றால் இன்டர்னல் மார்க் பாதிக்கப்படும்."

அஞ்சே வரி, அடிச்சு முடிக்க ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும். பதினோரு வருஷமா இதே மாதிரிதான் எழுதிட்டு இருந்தேன், பக்கத்து சீட்டு மிஸ்ஸும் இதேதான் எழுதுவாங்க. அன்னிக்கு மட்டும் அனுப்பாம நிறுத்துனதுக்கு காரணம் பெருசா ஒண்ணுமில்ல. "எப்பவுமே"ன்னு போட்டுட்டோமே, அப்பா திருப்பி எத்தனை தடவைங்க மிஸ்னு கேட்டா சொல்றதுக்கு நம்பர் வேணுமேன்னு ரிஜிஸ்டர எடுத்தேன்.

நான் திங்கள், வியாழன் ஹோம்வொர்க் குடுப்பேன், செவ்வாய், வெள்ளி காலைல நோட்டு வந்து சேரணும். ஜூலைல மொத்தம் 8 தடவை. கவின் பேருக்கு நேரா பாத்தா 2, 5, 16, 19 தேதில எல்லாம் டிக். 9, 12, 23ல லேட்டுன்னு எல். 26ம் தேதிக்கு எதுவுமே இல்ல, இன்னும் நோட்டே வரல. ஆக எட்டுல நாலு, சரியா பாதி. "எப்பவுமே"ங்கறது பொய்யின்னு அங்கயே தெரிஞ்சிருச்சு. கோவத்துல இருக்கும்போது பாதி நமக்கு முழுசா தெரியும் போல.

அதுக்கப்புறம்தான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. லேட்டான நாலும் அங்கங்க சிதறிக் கிடக்கல. ஒரு வாரம் ரெண்டும் டிக், அடுத்த வாரம் ரெண்டும் லேட், மறுபடி ரெண்டும் டிக், மறுபடி லேட். வந்த மூணும் எப்ப வந்துச்சுன்னு பாத்தா ஒவ்வொண்ணும் கரெக்டா ஒரு வகுப்பு தள்ளி. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காதுங்க. லேட்டா வந்த மூணையும் எடுத்துப் பாத்தேன், பாலினாமியல்ஸ், ஐடென்டிட்டீஸ் கணக்கு, எல்லா கணக்கும் போட்டிருந்தான், ஸ்டெப்பும் சரி. காப்பி அடிச்சா ஒரே மாதிரி தப்பு ரெண்டு நோட்டுல இருக்கும், அதுவும் இல்ல, இவன் செஞ்ச ஒரே தப்பு இவனுக்கே சொந்தமான தப்பு (மைனஸ அடைப்புக்குறிக்கு உள்ள கொண்டுபோக மறந்துட்டான், பாவம், பாதி ஊரே அத மறக்கும்).

காரணம் என்னன்னு அப்பவும் எனக்குத் தெரியாது. ஆனா நான் எழுதி வச்சிருந்த மெயில்ல காரணம் ஏற்கனவே இருந்துச்சு, ஃபோன். அத யாரு சொன்னா எனக்கு? யாரும் சொல்லல. பதினாலு வயசுப் பையன்னா ஃபோன்தான்னு நானே முடிவு பண்ணி, அப்பா கையில ஒரு குத்தப்பத்திரிகையா குடுக்கப் பாத்திருக்கேன்.

சரின்னு அந்த அஞ்சு வரியையும் ஒண்ணொண்ணா எடுத்து, நான் அம்மாவா இருந்து இத படிச்சா காதுல என்ன விழும்னு யோசிச்சேன். நம்ம மொழியில குத்தம் சொல்ற சமாச்சாரம் எல்லாம் பெரிய வார்த்தைல இருக்காது, குட்டி குட்டி ஒட்டுல ஒளிஞ்சிருக்கும். "நல்ல பையன்தான்"னு சொன்னோம்னா அந்த 'தான்'லயே பாராட்டு செத்துப்போச்சு, படிக்கறவங்க அடுத்து வர்ற 'ஆனா'வுக்கு ரெடியாயிருவாங்க. பாராட்டணும்னா 'தான்' இல்லாம, எதுக்குப் பாராட்டறோம்னு சொல்லணும், இல்ல பேசாம விட்டுரணும்.

அடுத்தது "முடிக்க மாட்டேங்கறான்". முடிக்கலன்னா நடந்த விஷயம், நோட்டு வரல, அவ்வளவுதான். முடிக்க மாட்டேங்கறான்னா அவன் மனசுக்குள்ள நான் போய் பாத்துட்டு வந்த மாதிரி, வேணும்னே மறுக்கறான்னு அர்த்தம். நாம சாதாரணமா ரெண்டையும் மாத்தி மாத்திப் பேசுவோம், காப்பி குடிக்க மாட்டேங்கறான்னு சொல்லுவோம், யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா டீச்சர் மெயில்ல அது வந்தா அப்பாவுக்கு கேக்கறது "உங்க பையன் திமிரு பிடிச்சவன்". "எத்தனை முறை சொன்னாலும்"ல 'உம்' சேந்ததும் திமிரு உறுதியாயிருச்சு. நான் எத்தனை தடவை சொன்னேன்? உண்மையச் சொன்னா ரெண்டு தடவை.

எல்லாத்துக்கும் மேல "வீட்டில் கவனித்துக்கொள்ளவும்". டீச்சர்கள் எல்லாருக்கும் இது வாய்ல ஒட்டிப்போன வரி. இதுல வேலை ஒண்ணுமே சொல்லல கவனிச்சீங்களா? என்னத்த கவனிக்கறது, எந்த நாள், எத்தனை மணிக்கு, ஒண்ணும் இல்ல. செய்யறதுக்கு ஒண்ணும் இல்லாததால மிஞ்சறது ஒரே அர்த்தம், இத்தனை நாளா நீங்க கவனிக்கல. செய்ய வழியே குடுக்காம குத்தத்த மட்டும் கையில குடுத்தா வீட்டுல என்ன நடக்கும்? கைக்கு எட்டுன தூரத்துல பையன் இருப்பான். இத நான் கற்பனையா சொல்லல. முன்னாடி ஒரு தடவ இதே மாதிரி ஒரு மெயில் சாயந்தரம் ஏழு மணிக்கு வேற ஒரு பொண்ணோட வீட்டுக்குப் போச்சு, மறுநாள் அவ நோட்டெல்லாம் கொண்டுவந்து என் டேபிள்ல வச்சா, நான் சந்தோஷப்பட்டேன், அப்புறம் அவ முழுக்கைய இழுத்து இழுத்து விட்டுக்கறத பாத்தேன். அதப்பத்தி இதுக்கு மேல எழுத முடியல.

இதெல்லாம் யோசிச்சதும் ஒரு ஆபத்து வரும், மெயில் அப்படியே குழைஞ்சு போயிரும். "ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க சார், சும்மா தெரியப்படுத்தலாம்னு, முடிஞ்சா பாருங்க" அப்படின்னு எழுதிருவோம். அதுவும் உதவாது, ஏன்னா பிரச்சனை இருக்கு. செவ்வாய்க்கிழமை வகுப்ப நான் அந்த ஹோம்வொர்க்க வச்சுத்தான் ஆரம்பிப்பேன், நோட்ட புரட்டிப் பாத்து எங்க நெறைய பேரு தடுக்கி விழுந்திருக்காங்களோ அந்தக் கணக்க போர்டுல போடுவேன். ஒரு வகுப்பு தள்ளி வர்ற நோட்டுல கணக்கு சரியா இருந்தா, அவனா போட்டானா, போர்டுல பாத்ததுக்கு அப்புறம் போட்டானான்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஸ்கூல் மார்க் கணக்கும் இருக்கு. ஒன்பதாம் வகுப்புல இன்டர்னல் 20, அதுல போர்ட்ஃபோலியோவுக்கு 5, எங்க ஸ்கூல்ல அந்த அஞ்சுல ஒண்ணு நேரத்துக்கு குடுக்கறதுக்கு. அந்த ஒரு மார்க்க "இன்டர்னல் மார்க் பாதிக்கப்படும்"னு மொட்டையா எழுதுனா அப்பா இருபதும் போச்சுன்னு நினைப்பாரு. கண்டிப்பா இருக்கணும்னா குரல ஏத்தணும்னு இல்ல, தேதியும் நம்பரும் சரியா இருந்தா போதும், அதுவே கண்டிப்பாத்தான் இருக்கும்.

இன்னொரு கணக்கும் போட்டேன். 2020ல வந்த ஸ்கூல் பேக் பாலிசில ஒன்பதாவதுலேந்து ஹோம்வொர்க் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு இருக்கு. திங்கக்கிழமை சயின்ஸ் மிஸ் என்ன குடுக்கறாங்க, சோஷியல் சார் என்ன குடுக்கறாருன்னு கேட்டேன், என்னோடதையும் சேத்து சுமாரா ஒண்ணே முக்கால் மணி நேரம் வந்துச்சு. எல்லைக்கு உள்ளதான், ஆனா ஒட்டிக்கிட்டு நிக்குது. அதனால மெயில்ல நேரத்தப் பத்தியும் ஒரு வரி சேத்தேன்.

கடைசில போன மெயில் கீழ இருக்கு. சாதாரணமா ஸ்கூல் மெயில் இங்கிலீஷ்லதான் போகும், இவங்க அப்பா முன்னாடி ஒரு சர்குலருக்கு தமிழ்ல பதில் போட்டிருந்தாரு, அதனால தமிழ்லயே எழுதுனேன். சப்ஜெக்ட் லைன்ல முதல்ல "வீட்டுப்பாடம் தாமதம் தொடர்பாக"ன்னு இருந்துச்சு, ஈபி ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி, அதையும் மாத்துனேன்.

"கவினின் கணக்கு வீட்டுப்பாடம்: உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

ஜூலையில் கணக்கில் 8 வீட்டுப்பாடம் கொடுத்தேன். கவின் 4 பாடங்களைக் குறித்த நாளில் கொடுத்தான். 9, 12, 23 தேதிகளில் வர வேண்டிய மூன்றும் ஒரு வகுப்பு தள்ளி வந்தன. 26ஆம் தேதி வர வேண்டியது இன்னும் வரவில்லை. தாமதமாக வந்த மூன்றிலும் எல்லாக் கணக்கும் போட்டிருக்கிறான், ஸ்டெப்பும் சரியாக இருக்கிறது. அதனால் பாடம் புரியாமல் தாமதமாவதாக எனக்குத் தோன்றவில்லை.

காரணம் எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் கேட்டபோது மறந்துவிட்டதாகச் சொன்னான். எல்லோர் முன்னாலும் கேட்டது என் தவறு, அதனால் அந்தப் பதிலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் சரியாகவும் அடுத்த வாரம் தாமதமாகவும் வருகிறது. அந்த வாரங்களில் மாலை நேரத்தில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல முடியும்.

மறுநாள் வகுப்பை அந்த வீட்டுப்பாடத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறேன். தாமதமாக வந்தால் அவனுக்கு எங்கே உதவி வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போகிறது.

26ஆம் தேதி பாடம் ஜூலை 30 செவ்வாய் காலைக்குள் வேண்டும். ஆகஸ்ட் 2 முதல் ஒவ்வொரு பாடமும் குறித்த நாள் காலையில் வர வேண்டும். முடியாத நாளில் டைரியில் ஒரு வரி எழுதி அன்று காலையே காட்டினால் ஒரு வகுப்பு அவகாசம் தருவேன். டைரிக் குறிப்பும் இல்லாமல் தாமதம் தொடர்ந்தால் போர்ட்ஃபோலியோவின் 5 மதிப்பெண்ணில், நேரத்துக்கான 1 மதிப்பெண்ணைத் தர முடியாது. வகுப்பில் எல்லோருக்கும் இதே விதிதான்.

இந்தப் பாடத்துக்கு 35 நிமிடம் போதும். அதற்கு மேல் ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டு, எவ்வளவு நேரம் ஆனது என்று ஓரத்தில் எழுதி வரச் சொல்லுங்கள். அது முடித்த பாடமாகவே கணக்காகும்.

இதற்காக அவனைத் திட்டவோ அடிக்கவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய் மாலைக்குள் ஒரு வரி பதில் போட்டால் போதும். பேச வேண்டுமென்றால் மாலை 4 முதல் 4.30 வரை பள்ளி எண்ணில் இருப்பேன்."

இதுல "திட்டவோ அடிக்கவோ வேண்டாம்"ங்கற வரி போடலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். நீங்க அடிக்கற ஆளுன்னு நான் முடிவு பண்ண மாதிரி ஆயிருமோன்னு பயம். கடைசில இருக்கட்டும்னு விட்டேன், அப்பா மனசு சங்கடப்பட்டா பேசி சரி பண்ணிக்கலாம், மத்தத சரி பண்ண முடியாது. கோஆர்டினேட்டர சிசில போடல. அவங்க பேரு மேல இருந்தாலே அது மெயில் இல்ல, ஃபைல்ல ஏறுற கேஸ். ரெண்டாவது மெயில் தேவப்பட்டா அப்ப பாத்துக்கலாம்னு விட்டேன். அம்மாவோட ஐடி ரெக்கார்டுல இருந்துச்சு, ஆனா நாங்க எப்பவும் அப்பா ஐடிக்கு மட்டும்தான் அனுப்புவோம், இந்த தடவ ரெண்டு பேருக்கும். அனுப்புனது சனிக்கிழமை மதியம் மூணு மணி. ராத்திரி ஒன்பது மணிக்கு போற மெயிலுக்கு பதில் சொல்ல வீட்டுல பையனத் தவிர வேற ஆள் இருக்காது.

திங்கக்கிழமை காலைல நோட்டு வந்துச்சு, சாயந்தரம் 4.10க்கு ஃபோனும் வந்துச்சு. பேசுனது அப்பா. "மிஸ் மன்னிச்சுக்கோங்க மிஸ், தப்பு எங்க மேலதானுங்க"ன்னு ஆரம்பிச்சாரு, நான் இல்லைங்க சார்னு சொல்ல அவரு மறுபடி மன்னிச்சுக்கோங்கன்னு சொல்ல, அப்படியே ஒரு நிமிஷம் போச்சு. அப்புறம் சொன்னாரு, அவரு ஒரு பம்ப் கம்பெனில, வாரம் மாத்தி ஷிப்ட். ஏ ஷிப்ட் வாரம் காலைல ஆறுலேந்து ரெண்டு, பி ஷிப்ட் வாரம் மதியம் ரெண்டுலேந்து ராத்திரி பத்து. ஸ்கூல் ஆப் அவரு ஃபோன்லதான் இருக்கு, ஓடிபி அவரு நம்பருக்குத்தான் வரும், ஒரு பிள்ளைக்கு ஒரு நம்பர்தான் ஸ்கூல்ல பதிஞ்சிருக்காங்க. பி ஷிப்ட் வாரம் அவரு மதியம் ஒண்ணேகாலுக்கு ஃபோனோட கிளம்பிருவாரு, வீட்டுக்கு வரும்போது பத்தரை ஆயிரும், பையன் தூங்கியிருப்பான்.

எனக்கு அங்கயே உறைச்சுது. ஹோம்வொர்க் எந்தெந்த கணக்குன்னு நான் போர்டுல எழுதறதே இல்ல. வகுப்பு எவ்வளவு தூரம் போச்சுன்னு பாத்துட்டு வீட்டுக்குப் போய் சாவகாசமா ஆறரை மணிக்கு ஆப்ல போடுவேன். அந்த நேரத்துக்கு கவின் வீட்டுல அத பாக்க வழியே இல்ல. செவ்வாய்க்கிழமை காலைல வந்து பக்கத்து பெஞ்சு பையன்கிட்ட என்ன கணக்குன்னு கேட்டு, அன்னிக்கு ராத்திரி முழுசா போட்டு, அடுத்த வகுப்புல கொண்டு வந்து குடுத்திருக்கான். ஒரு தடவ கூட விடல. இதுல நான் ஃபோன்ல அதிக நேரம் செலவிடுகிறானான்னு கேக்கப் போனேன்.

அப்புறம் அவன தனியா கூப்பிட்டு ஏன்டா இத சொல்லலன்னு கேட்டேன், முதல்ல தரைய பாத்தான், அப்புறம் "எல்லார்கிட்டயும் ஆப் இருக்குங்க மிஸ், அதான்"னு சொன்னான். அம்மாகிட்ட ஃபோன் இருக்கு, அதுல ஆப் வேல செய்யாதுன்னு முப்பத்தெட்டு பேரு முன்னாடி சொல்றதுக்கு "மறந்துட்டேன்" ஈசின்னு பதினாலு வயசுல தோணும்தான். மறந்துட்டேன்னா திட்டோட போயிரும்.

இதோட எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணிட்டேன்னு நினைக்காதீங்க. அப்பாகிட்டயும் அவன்கிட்டயும் சொன்னேன், செவ்வாய்க்கிழமை காலைலயே என்கிட்ட வந்து "கணக்கு நம்பர் தெரியலங்க மிஸ்"னு சொல்லியிருக்கலாம், அத சொல்ல வேண்டிய ஆள் அவன்தான், அந்தப் பொறுப்பு அவனோடதுதான். டைரி விதி அப்படியே இருக்கும், ஒரு மார்க்கும் அப்படியே இருக்கும். ஜூலைல லேட்டான நாலுக்கு மட்டும் மார்க்ல கை வைக்க மாட்டேன், ஏன்னா அதுல என் பங்கும் இருக்கு. அப்பா "அடிச்சுக்கூட திருத்துங்க மிஸ், நான் கேக்க மாட்டேன்"னாரு. அந்த வசனம் எத்தனையோ பேரு சொல்லிக் கேட்டாச்சு, மரியாதைக்காக சொல்றாங்க, அது எனக்கும் தெரியும், ஆனாலும் "அது வேண்டாங்க சார், அம்மாவோட நம்பர குடுங்க அது போதும்"னேன்.

நம்பர் சேக்கறதுக்கு ஆபீஸ்ல ஒரு வாரம் இழுத்தாங்க, சிஸ்டத்துல ரெண்டாவது காலமே இல்லன்னு முதல்ல சொன்னாங்க, அப்புறம் இருக்குன்னாங்க. அதுக்குள்ள நான் என் பக்கத்த மாத்திட்டேன், பெல் அடிக்க அஞ்சு நிமிஷம் முன்னாடி போர்டோட வலது மூலைல எக்சர்சைஸ் நம்பரும் கணக்கு நம்பரும் எழுதிருவேன், டைரில எழுதுனாங்களான்னு பாத்துட்டுதான் டஸ்டர எடுப்பேன். ஆப்லயும் போடுவேன், ஸ்கூல் ரூல். இதுல எனக்கும் ஒரு நஷ்டம் இருக்கு, வகுப்பு கடைசில அவசரமா முடிவு பண்ண வேண்டியிருக்கு, சில நாள் ரெண்டு கணக்கு கூடப் போயிருது. கூடப் போன அன்னிக்கு நெறைய நோட்டுல ஓரத்துல "45 நிமிஷம்", "50 நிமிஷம்"னு வரும். கவினுக்காக சேத்த அந்த வரிய வகுப்புக்கே பொதுவாக்கிட்டேன்.

இன்னொரு விஷயம். வகுப்புல கவின் மாதிரி இன்னும் மூணு பேரு லேட்டு லிஸ்டுல இருந்தாங்க. போர்டுல எழுத ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அதுல ஒரு பொண்ணு தானா சரியாயிட்டா, மெயிலே அனுப்பல, அவ வீட்டுல என்ன கதையோ கேக்கவும் இல்ல. மத்த ரெண்டு பேருக்கும் இதே மாதிரி மெயில் போச்சு. ஒரு வீட்டுல இருந்து பதிலே இல்ல, செவ்வாய் தாண்டி வெள்ளியும் போச்சு, ஃபோன் பண்ணா எடுக்கல. அந்தப் பையனுக்கு டைரிக் குறிப்பு இல்லாம லேட்டு தொடர்ந்துச்சு, சொன்ன மாதிரியே அந்த ஒரு மார்க் போச்சு. போட்டுட்டு எனக்கு நல்லா இல்ல, ஆனா போட்டேன், ஏன்னா எல்லோருக்கும் இதே விதின்னு கவின் வீட்டுக்கு நான்தான எழுதிக் குடுத்திருக்கேன்.

ஆகஸ்ட்ல பதினஞ்சாம் தேதியும் கிருஷ்ண ஜெயந்தியும் லீவுல போக 7 ஹோம்வொர்க்தான். கவின் ஆறு நேரத்துக்கு குடுத்தான். ஒண்ணு மட்டும் 20ம் தேதி லேட், ஆனா காலைலயே டைரியோட வந்து நின்னான், "கரண்ட் இல்ல, 4 கணக்கு பாக்கி"ன்னு எழுதி அம்மா கையெழுத்து. மாசக் கடைசில அவங்க வீட்டுக்கு ரெண்டு வரி மெயில் போட்டேன், ஆகஸ்டில் 7இல் 6 குறித்த நேரத்தில் வந்தது, ஒன்றுக்கு முன்கூட்டியே டைரியில் சொல்லியிருந்தான், நன்றின்னு. நல்ல சேதிக்கு ஸ்கூல்ல இருந்து மெயில் வர்றது அவங்க வீட்டுல அதான் முதல் தடவைன்னு அம்மா அப்புறம் பிடிஎம்ல சொன்னாங்க.

அப்பாகிட்ட இருந்து மெயில் போட்ட அன்னிக்கு ராத்திரியே, பத்தே முக்காலுக்கு, பதில் வந்திருந்துச்சு: "நன்றிங்க மிஸ். அந்த ஒண்ணு எந்தத் தேதிங்க?"